ஞாயிறு சாயங்காலப் பதற்றம்: ஒரு தாள், இருபது நிமிடம்

ஞாயிறு மதியம் மீன்குழம்பும் மரச்சீனியும் சாப்பிடும்வரை ஒன்றும் தெரியாது. நாலு மணி தாண்டினால் வயிற்றைப் பிசையத் தொடங்கும். பிள்ளைகள் எதைக் கேட்டாலும் எரிச்சல் வரும். ராத்திரி பத்தரைக்குப் படுத்தாலும் நெடுநேரம் உறக்கம் வராது. நாகர்கோவிலில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு வேலை பார்க்கிறேன். மாதத்தின் இருபதாம் தேதியை ஒட்டி வரும் ஞாயிறுகளில் இது எனக்கு உச்சத்துக்குப் போகும். இப்போது பெரும்பாலும் அடங்கியிருக்கிறது. அதற்கு நான் செய்வதை வரிசையாக எழுதுகிறேன். மூச்சுப்பயிற்சி, நடை எல்லாம் நல்லவைதான். அவற்றைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டதால் இங்கே விட்டுவிடுகிறேன்.

முதலில், ஞாயிறு காலை

சாயங்காலப் பிரச்சினையின் பாதி காலையிலேயே தொடங்குகிறது. மற்ற நாள் ஆறு மணிக்கு எழும்புகிறவர் ஞாயிறு ஒன்பதரைக்கு எழும்பி, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இன்னொரு உறக்கமும் போட்டால், ராத்திரி பத்தரைக்கு உடம்பு உறக்கத்துக்குத் தயாராக இருக்காது. விழித்திருந்த நேரம் போதாது. அப்போது இருட்டில் சும்மா கிடப்போம், திங்கட்கிழமை நினைப்பு வரும், அந்த நினைப்பால்தான் உறக்கம் வரவில்லை என்று நம்பிவிடுவோம்.

அதனால் ஞாயிறும் வழக்கமான நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எழும்புங்கள். காலைத் திருப்பலிக்குப் போகிற வீடுகளில் இது தானாகவே நடந்துவிடுகிறது. மதிய உறக்கம் வேண்டுமென்றால் மூன்று மணிக்கு முன், அரைமணி நேரம். சாயங்காலம் ஆறு மணிச் சாயாவையும் விட்டுவிடுங்கள். குடித்த காஃபீனில் பாதி கழிய ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும், அதாவது பதினொரு மணிக்கும் பாதி உடம்பில் இருக்கும்.

அப்புறம், தாள்

வேண்டியது கோடு போடாத ஒரு நாற்பது பக்க நோட்டும் ஒரு பேனாவும். ஃபோனில் எழுதாதீர்கள். இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். குறிப்பு எழுதத் திறந்த கை அடுத்த நொடி அலுவலக வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விடும்.

நேரம் நாலரை மணி. படுக்கப் போகும் நேரத்துக்கு இதைத் தள்ளவே கூடாது, உறக்கத்துக்கும் இதற்கும் நடுவில் சில மணி நேரம் இடைவெளி வேண்டும். இருபது நிமிடம் போதும். படுக்கையில் உட்காராமல் மேசையிலோ திண்ணையிலோ உட்காருங்கள்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. கவலைப்படுவதற்கென்றே தினமும் ஒரு நேரமும் இடமும் ஒதுக்கி, மற்ற நேரத்தில் வரும் கவலையை அதற்குத் தள்ளிவைக்கும் முறையை அமெரிக்க உளவியலாளர் தாமஸ் போர்க்கோவெக்கும் உடன் ஆய்வாளர்களும் 1983-இல் வெளியிட்டார்கள். உறக்கமின்மைக்குச் சிகிச்சை தருகிறவர்கள் அதைத் தாளை இரண்டாகப் பிரித்து எழுதும் முறையாகவும் பயன்படுத்துகிறார்கள். நான் செய்வது அதைத்தான்.

தாளின் நடுவில் ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் பயம், வலப்பக்கம் முதல் அடி.

இடப்பக்கத்தில் "திங்கட்கிழமை டென்ஷன்" என்று எழுதினால் பயனில்லை. "என்ன நடந்துவிடும் என்று பயப்படுகிறேன்?" என்று கேளுங்கள். வந்த பதிலிடமும் "சரி, நடந்தால்?" என்று கேளுங்கள். ஓர் ஆளோ, ஒரு கோப்போ, ஒரு மணி நேரமோ, ஒரு தொகையோ வரும்வரை கேளுங்கள். பெரும்பாலும் மூன்றாவது கேள்வியில் வந்துவிடும்.

எல்லோரும் சறுக்கும் இடம்: வலப்பக்கம்

இங்கேதான் நிதானம் வேண்டும். வலப்பக்கத்தில் நிறையப் பேர் "ரிட்டர்னை முடிக்கணும்", "தைரியமா இருக்கணும்" என்று எழுதுகிறார்கள். இவை இடப்பக்கப் பயத்தையே வேறு வார்த்தையில் சொல்பவை. எழுதி முடித்தும் நெஞ்சு லேசாகவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

வலப்பக்கத்தில் வரவேண்டியது கையாலோ வாயாலோ செய்யக்கூடிய முதல் செயல், அதற்கான நேரத்தோடு. முழு வேலையை எழுத வேண்டாம். பத்து நிமிடத்துக்குள் முடிகிற துண்டு போதும். சரியாக எழுதியிருக்கிறோமா என்று பார்க்க ஒரு வழி உண்டு: பக்கத்து இருக்கையில் வேலை செய்கிறவர் அந்த வரியைப் படித்தால், உங்களிடம் எதுவும் கேட்காமல் அதைச் செய்யத் தொடங்க முடியுமா? முடியாது என்றால் திருத்தி எழுதுங்கள்.

ஓர் உதாரணம். இருபதாம் தேதி திங்கட்கிழமை வருகிறது. மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-3பி என்ற ஜிஎஸ்டி ரிட்டர்னுக்கு அன்றைக்குத்தான் கடைசி நாள். தக்கலையில் ஒரு ஹார்டுவேர் கடை. அவர்கள் சரக்கு வாங்கிய மூன்று பில்கள், சரக்கு கொடுத்தவர்கள் போர்ட்டலில் ஏற்றிய பில்களைக் காட்டும் 2பி பட்டியலில் வரவில்லை. அவற்றிலுள்ள வரி 14,000 ரூபாய். 2பி-யில் வந்தால்தான் அதைக் கட்ட வேண்டிய வரியில் கழித்து எடுக்கலாம்.

முதலில் எழுதியது: "நாளைக்கு 3பி, பயமா இருக்கு." சரி, என்ன நடக்கும்? "மூன்று பில்லும் 2பி-யில் இல்லை, அந்த வரியை எடுக்க முடியாது." நடந்தால்? "கடைக்காரர் இந்த மாதம் 14,000 ரூபாய் கையிலிருந்து கட்ட வேண்டும். சரக்கு கொடுத்தவர் பில்லை ஏற்றியபின் அடுத்த 2பி-யில் வரும், அப்போது எடுத்துக்கொள்ளலாம்." அதாவது பணம் தாமதமாகிறது. நாளைக்குத் தாக்கலே செய்ய முடியாமல் போனால்? வரி கட்ட வேண்டியவருக்குத் தாமதக் கட்டணம் நாளுக்கு 50 ரூபாய், வரிக்கு வட்டி ஆண்டுக்கு 18 சதவீதம். கட்ட வேண்டியது 40,000 ரூபாய் என்றால் ஒரு நாள் வட்டி ஏறக்குறைய 20 ரூபாய். இரண்டும் சேர்த்து 70 ரூபாய்.

தாமதமாகத் தாக்கல் செய்யலாம் என்று நான் சொல்லவரவில்லை. சாயங்காலம் முழுக்க நெஞ்சை அழுத்தியது எவ்வளவு பெரியது என்று பார்ப்பதற்காகவே கணக்குப் போடுகிறோம். போட்டுப் பார்த்தால் உண்மையான பயம் வேறு இடத்தில் இருப்பது தெரியும்: "கடைக்காரர் பத்து மணிக்கு முதலாளிக்கு ஃபோன் போட்டுச் சத்தம் போடுவார், முதலாளி எல்லோர் முன்னாலும் என்னைக் கேட்பார்." அதைத் தனி வரியாக எழுதுங்கள். பில்லுக்கும் அதற்கும் தீர்வு வேறு வேறு.

இப்போது வலப்பக்கம். பில் வரிக்கு எதிரே: "திங்கள் 9.15, போர்ட்டலைத் திறந்து 2பி-யை இறக்கி மூன்று பில் எண்ணையும் ஒருமுறை சரிபார்." முதலாளி வரிக்கு எதிரே: "9.30, அவர் கேட்கும் முன் நானே போய்ச் சொல்: தக்கலைக் கடைக்கு மூன்று பில் 2பி-யில் இல்லை, 14,000 கையிலிருந்து கட்ட வேண்டிவரும், கடைக்காரரிடம் இப்போதே பேசிவிடுகிறேன்." பேசவேண்டிய வாக்கியத்தை முழுதாக எழுதிவிடுங்கள். மனதுக்குள் அதை மறுபடி மறுபடி ஒத்திகை பார்ப்பதுதான் ராத்திரி உறக்கத்தைக் கெடுக்கிறது. தாளில் இருந்தால் ஒத்திகை தேவைப்படாது.

சில வரிகளுக்கு எதிரே எழுத எதுவும் இருக்காது. அடுத்த மாதம் ஆளைக் குறைப்பார்களா என்பது போன்றவை. அவற்றுக்கு நேரே "இந்த வாரம் நான் செய்ய ஒன்றுமில்லை, அடுத்த ஞாயிறு பார்க்கலாம்" என்று எழுதுங்கள். வெற்றிடமாக விடாதீர்கள்.

எழுதும்போது மடிக்கணினியைத் திறந்து "சும்மா ஒருமுறை" பார்க்கவும் வேண்டாம். கடைக்காரருக்கு அப்போதே செய்தி அனுப்பினால் பதில் ராத்திரி ஒன்பது மணிக்கு வரும், அதோடு ஞாயிறு முடிந்தது. வரிகள் ஏழெட்டுக்கு மேல் போனால் பெரிய மூன்றை மட்டும் எடுங்கள்.

முடிந்ததும் தாளை மடித்து, காலையில் கொண்டுபோகும் பைக்குள் வையுங்கள். வெளியே போவதென்றால் இதற்குப் பிறகு போங்கள். சங்குத்துறைக்குப் போவதாக இருந்தாலும் தாளை எழுதிவிட்டுத்தான் கிளம்புவேன். எழுதாமல் போனால் கடற்கரையில் உட்கார்ந்தும் அலுவலகத்தைத்தான் நினைத்துக்கொண்டிருப்பேன்.

ராத்திரி

ஒன்பது மணிக்கு அலுவலகக் குழுவை "Mute notifications" போய் "8 hours" கொடுத்துவிடுங்கள். காலை ஐந்து மணிக்குத் தானாக நீங்கிவிடும் என்பதால் மறந்துபோகும் பயம் இல்லை.

படுத்தபின் கவலை வந்தால் அதோடு வாதாட வேண்டாம். "தாளில் இருக்கிறது" என்று மட்டும் சொல்லிக்கொள்ளுங்கள். புதிதாக ஏதாவது தோன்றினால் எழும்பி, ஒரு வரி சேர்த்துவிட்டுப் படுங்கள். இருபது நிமிடம் போல உறக்கம் வரவில்லை என்றால் படுக்கையை விட்டு வேறு அறைக்குப் போய் மங்கலான வெளிச்சத்தில் உட்காருங்கள், கண் சொக்கும்போது திரும்புங்கள். மணியைப் பார்க்காதீர்கள், ஒரு குத்துமதிப்புப் போதும்.

நாலரை மணி தவறிப்போன ஞாயிறுகளுக்கு ஒரு சின்ன மாற்று உண்டு. அமெரிக்காவின் பேலர் பல்கலைக்கழகத்தில் 57 இளைஞர்களை உறக்க ஆய்வகத்தில் படுக்கவைத்து, 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். படுக்கும் முன் ஐந்து நிமிடம் இனிச் செய்யவேண்டிய வேலைகளை எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சராசரியாக 9 நிமிடம் முன்னால் உறங்கினார்கள். சிறிய ஆய்வுதான். ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் வேலைப் பட்டியல் மட்டும் எழுதுங்கள். பயங்களைத் தோண்டும் இடப்பக்க வேலையை அந்த நேரத்தில் தொடங்காதீர்கள்.

பிறகு சேர்த்தது

"அக்கா, ஞாயிறு உட்கார்ந்தால் என்ன வேலை பாக்கி என்பதே நினைவில்லை, பயம் மட்டும்தான் இருக்கிறது" என்று மார்த்தாண்டத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருந்தார். அப்படியானால் சனிக்கிழமை அலுவலகத்தை விட்டுக் கிளம்பும் முன் பாக்கி வேலைகளை மட்டும் அதே நோட்டில் வரிசையாகக் குறித்துவிட்டு வாருங்கள். ஞாயிறு அதை எடுத்து முதல் அடிகளை எழுதினால் போதும். நானும் இப்போது இப்படித்தான் செய்கிறேன்.

நான்கைந்து வாரம் ஒழுங்காக எழுதியும் குறையவில்லை, பயம் ஞாயிறோடு நிற்காமல் எல்லா நாளும் இருக்கிறது, அல்லது வேலைக்குப் போவதையே தவிர்க்கிறீர்கள் என்றால் இந்தத் தாள் போதாது. வாழ்வதே வேண்டாம் என்று தோன்றினால் அன்றைக்கே உதவி கேளுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416-இல் இருபத்திநான்கு மணி நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். நேரில் காட்ட ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது.

ஷிஃப்டில் வேலை செய்யும் செவிலியர் ஒருவரும் கேட்டிருந்தார். உங்களுக்கு ஞாயிறு என்பது விடுப்பு முடிந்து முதல் டியூட்டிக்கு முந்தின நாள். படுக்கப் போகும் நேரத்திலிருந்து ஐந்தாறு மணி நேரம் பின்னோக்கி எண்ணி, தாளை அப்போது எழுதுங்கள். முதல் டியூட்டி இரவு என்றால், அன்று பகலில் படுக்கும் முன் எழுதாமல், முந்தின நாள் சாயங்காலமே எழுதிவிடுங்கள்.