ரத்து செய்த விமான டிக்கெட்: படத்தை வைத்துக் கணக்குப் போடுகையில் எங்கே தவறுகிறோம்?

என் மைத்துனர் ஒரு நாள் வாட்ஸ்அப்பில் இரண்டு படங்கள் அனுப்பினார். ஒன்று சென்னை–டெல்லி போக வர எடுத்த டிக்கெட்டின் கட்டண விவரம். மற்றொன்று ரத்துக் கட்டண அட்டவணை. இரண்டு பேருக்கு எடுத்தது. மொத்தம் 21,980 ரூபாய். "அத்தான், ரத்துக்கு 3,999 என்று போட்டிருக்கிறான். 18,000 திரும்பி வந்துவிடும் இல்லையா?" என்று கேட்டிருந்தார். கடைசியில் அவருக்குக் கிடைத்தது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, படத்தை அப்படித்தான் எல்லாரும் படிக்கிறோம்.

முதல் சிக்கல் படத்திலேயே இருந்தது. மடித்து வைத்திருந்த காகிதத்தை விளக்கொளியில் எடுத்த படம் அது. சென்னையிலிருந்து டெல்லி போகும் பயணத்துக்கு ஒருவருக்கான கட்டணம் 3,400 ரூபாயா, 3,900 ரூபாயா என்று தெரியவில்லை, மடிப்பு சரியாக அந்த இலக்கத்தின் மேல் விழுந்திருந்தது. இந்த இடத்தில் கண்ணை நம்பாமல் ஜி.எஸ்.டி. வரியைப் பார்க்க வேண்டும். உள்நாட்டு எகானமி வகுப்புக்கு வரி 5 சதவீதம். படத்தில் வரி 170 ரூபாய் என்று தெளிவாக இருந்தது. 170-ஐ 20-ஆல் பெருக்கினால் 3,400. ஐயம் தீர்ந்தது. அதன் பிறகு பட்டியலில் உள்ள எல்லாத் தொகைகளையும் கூட்டி, கீழே அச்சாகியிருக்கும் மொத்தத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். ஒத்துப்போகவில்லையென்றால் ஏதோ ஒரு தொகை படத்தின் ஓரத்தில் வெட்டுப்பட்டிருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் அது இணையவழிச் சேவைக் கட்டணமாக இருக்கும், அதுதான் அடியில் இருக்கும்.

அந்தத் தொகைகள் ஒருவருக்கா, இருவருக்கா என்பதும் பலரைக் குழப்பும். விமான நிலையப் பாதுகாப்புக் கட்டணம் ஆளுக்கு இவ்வளவு என்று நிலையாக இருப்பது. மைத்துனரின் படத்தில் போகும்போதும் வரும்போதும் 236 ரூபாய் என்றே இருந்தது. அதே இடத்தில் 472 என்றிருந்தால் பட்டியல் இருவருக்கும் சேர்த்துப் போட்டது என்று புரிந்துகொள்ளலாம்.

இப்படிச் சரிபார்த்த பிறகு ஒருவருக்கான கணக்கு தெளிவாயிற்று. போகும் பயணத்துக்கு அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்து 3,400, ஜி.எஸ்.டி. 170, விமான நிலையக் கட்டணங்கள் 500, ஆக 4,070. திரும்பும் பயணத்துக்கு அதே வரிசையில் 5,800, 290, 430, ஆக 6,520. இருவருக்கும் இரண்டு பயணங்களும் சேர்ந்து 21,180. மீதி 800 ரூபாய் சேவைக் கட்டணம். அது பொதுவாகத் திரும்பி வராது, முதலிலேயே எடுத்து ஓரமாக வைத்துவிடுவது நல்லது.

அடுத்தது அட்டவணை. மைத்துனர் 3,999 என்ற எண்ணை மட்டும் பார்த்தார். அதன் கீழே பொடி எழுத்தில் இருந்த per pax per sector என்பதைப் பார்க்கவில்லை. ஒரு நபருக்கு, ஒரு பயணத்துக்கு என்று பொருள். இரண்டு பேர், இரண்டு பயணம் என்றால் கட்டணம் நான்கு முறை விழும். அது மட்டுமல்ல, அட்டவணையில் இரண்டு வரிசைகள் இருந்தன. புறப்பட நான்கு நாளோ அதற்கு மேலோ இருந்தால் 3,999, மூன்று நாளுக்குள் என்றால் 4,999. அவர் ரத்து செய்ய நினைத்த அன்று டெல்லி விமானம் புறப்பட இரண்டே நாள்தான் இருந்தது. திரும்பும் விமானத்துக்கு எட்டு நாள் இருந்தது.

இது புரிந்ததும் மனிதர் எதிர்த் திசைக்கு ஓடிவிட்டார். நான்கு முறை 4,999 என்றால் 19,996 போய்விடும், ரத்து செய்து என்ன பயன், அப்படியே விட்டுவிடலாம் என்றார். இந்தத் தவறு முந்தையதைவிட மோசம், கைக்கு வர வேண்டிய பணத்தை நாமே விட்டுக்கொடுப்பது இது. விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிப்படி, ரத்துக் கட்டணம் அடிப்படைக் கட்டணத்தையும் எரிபொருள் கட்டணத்தையும் சேர்த்த தொகையைத் தாண்டக் கூடாது. சட்டப்படியான வரிகளையும் பயணிகளிடம் வசூலித்த விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தர வேண்டும். 'பணம் திரும்பாது' என்று விற்ற சலுகை டிக்கெட்டுக்கும் இது பொருந்தும். விமானத்துக்கே போகாமல் விட்டவருக்கும் பொருந்தும், ஆனால் அவர் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். அட்டவணையிலேயே whichever is lower என்று இருந்தது, அதாவது இரண்டில் எது குறைவோ அது.

ஆகவே, போகும் பயணத்துக்கு 4,999 விழாது, 3,400 தான் விழும். திரும்பும் பயணத்துக்குக் கட்டணம் 5,800 இருப்பதால் 3,999 முழுதாக விழும். ஆளுக்கு 7,399, இருவருக்கும் 14,798. இதை 21,180-இல் கழித்தால் 6,382 ரூபாய்.

இத்துடன் முடிந்ததென்று நினைத்துவிடக் கூடாது. ரத்துக் கட்டணத்துக்கும் ஜி.எஸ்.டி. உண்டு. டிக்கெட்டுக்கு என்ன விகிதமோ அதே விகிதம் ரத்துக் கட்டணத்துக்கும் பொருந்தும் என்று 2022 ஆகஸ்டில் மத்திய மறைமுக வரிகள் வாரியம் சுற்றறிக்கையில் தெளிவுபடுத்தியது. அட்டவணையில் உள்ள தொகை வரியைச் சேர்த்ததா, சேர்க்காததா என்பது அடிக்குறிப்பில் இருக்கும். மைத்துனரின் படத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருந்தது, அதற்கான குறிப்பு இருந்த பகுதி படத்தில் இல்லை. எனவே நான் இரண்டு எண்கள் சொன்னேன். வரி சேர்ந்திருந்தால் 6,382. சேராவிட்டால் 14,798-க்கு 5 சதவீதமான 739.90 ரூபாய் மேலும் குறைந்து 5,642.10. அடிக்குறிப்பைப் பார்க்காமல் ஒரே எண்ணைச் சொல்வது குருட்டு அடிதான்.

நாள் கணக்கில் இன்னொரு கண்ணி இருக்கிறது. ஒவ்வொரு பயணத்துக்கும் அதனதன் புறப்பாட்டு நேரத்திலிருந்து நாளைக் கணக்கிடும் அட்டவணைகளும் உண்டு, முழு டிக்கெட்டுக்கும் முதல் புறப்பாட்டையே அளவாக வைப்பவையும் உண்டு. இரண்டாவது வகையாக இருந்திருந்தால் திரும்பும் பயணத்துக்கும் 4,999 விழுந்து, வரியையும் சேர்த்தால் மைத்துனருக்கு 3,542 ரூபாய்தான் மிஞ்சியிருக்கும். எது என்று அட்டவணையின் தலைப்பு வரி சொல்லும். படம் எடுப்பவர்கள் எண்களுக்கு நேரே கேமராவை வைத்து, தலைப்பை வெட்டிவிடுகிறார்கள்.

அவரிடம் முழுப் பக்கத்தையும் மீண்டும் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். நாள் கணக்கு பயணவாரியாகத்தான், வரி தனி என்று இருந்தது. ஆக 5,642. அன்று மாலையே ரத்து செய்தார்.

பத்து நாள் கழித்து வங்கிக் கணக்கில் வந்தது 5,042 ரூபாய். டிக்கெட்டை எடுத்துக் கொடுத்த ஏஜென்ட், ஆளுக்கு 300 ரூபாய் தன் ரத்துச் சேவைக்கு என்று எடுத்துக்கொண்டிருந்தார். நாங்கள் அலசியது விமான நிறுவனத்தின் அட்டவணையை. ஏஜென்டின் கட்டணம் அவர் கொடுத்த ரசீதின் பின்பக்கத்தில் இருந்தது, அதை யாரும் படமெடுக்கவில்லை.