செக் கேஸில் நாள் எண்ணும்போது நடக்கும் தவறுகள்

பாலக்காட்டுச் சித்தூரில் வக்கீல் தொழில் பார்க்கிறேன். (ஆந்திராச் சித்தூர் அல்ல.) கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தேங்காய் வியாபாரிகள் பொள்ளாச்சிக்காரர்களிடம் வாங்கிய செக்குகள் வங்கியிலிருந்து திரும்பி வந்தால் என்னிடம் வருவார்கள். அந்தக் கேஸ்களில் பாதிச் சிக்கல் பணத்தில் இல்லை, காலண்டரில்தான்.

ஒரு கேஸை எடுத்துக்கொள்வோம். செக் திரும்பிய தகவல் வியாபாரிக்கு 2024 நவம்பர் 5-ஆம் தேதி கிடைத்தது. 30 நாளுக்குள் வக்கீல் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். தகவல் வந்த 5-ஆம் தேதியை எண்ணக் கூடாது. 6-ஆம் தேதிதான் முதல் நாள், டிசம்பர் 5 கடைசி நாள். நாங்கள் நவம்பர் 26-இல் அனுப்பினோம், எதிராளிக்கு 29-இல் கிடைத்தது. பணம் கட்ட அவருக்குச் சட்டம் தரும் 15 நாள், நோட்டீஸ் அவர் கைக்குப் போன தேதியிலிருந்து ஓடும். அனுப்பிய தேதியை வைத்து எண்ணுகிறவர்கள் நிறைய. அக்னாலெட்ஜ்மென்ட் கார்டில் கையெழுத்துப் போட்ட தேதியைப் பார்த்த பிறகே நான் பென்சிலை எடுப்பேன்.

நவம்பர் 29-ஐ விட்டுவிட்டு 30-இலிருந்து எண்ணினால் 15-ஆவது நாள் டிசம்பர் 14. அந்த நாள் முழுவதும் எதிராளிக்குச் சொந்தம். 29-ஐயும் சேர்த்து எண்ணியவருக்கு 13-ஆம் தேதியே கெடு முடிந்ததாகத் தோன்றும், 14-ஆம் தேதி கோர்ட்டில் புகாரைக் கொண்டுபோய் நீட்டுவார். ஒரு நாள் முந்தினால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். 15 நாள் முடியும் முன் கொடுத்த புகார் சட்டப்படி புகாரே ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் சொல்லிவிட்டது. பிந்துவது மட்டுமல்ல, முந்துவதும் தவறுதான்.

ஆகவே, எதிராளி பணம் கட்டாத நிலையில், வழக்குக் காரணம் பிறந்தது டிசம்பர் 15. அதிலிருந்து ஒரு மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். இங்கே ‘மாதம்’ என்பது 30 நாள் இல்லை, காலண்டர் மாதம். காரணம் பிறந்த நாளை விட்டுவிட்டால் கெடு 2025 ஜனவரி 15. தேதிகள் இதே வரிசையில் அமைந்த ஒரு வழக்கில்தான் 1999-இல் உச்ச நீதிமன்றம் முதல் நாளை விடச் சொன்னது: அக்டோபர் 15-இல் காரணம் பிறந்து, நவம்பர் 15-இல் கொடுத்த புகார் காலத்துக்குள் வந்ததே என்றது. 2013-இல் அதை மீண்டும் உறுதி செய்தது.

சரி, ஜனவரி 15-க்கு வருவோம். “பொங்கல் லீவு கழிஞ்சு வர்றேனுங்க, கோர்ட்டும் மூடித்தானே இருக்கும்” என்றார் வியாபாரி. அவர் கடையில் தொங்குவது தமிழ்நாட்டுத் தினக்காலண்டர். அதில் 15-ஆம் தேதி சிவப்பு: திருவள்ளுவர் தினம். ஆனால் அவர் செக்கைப் போட்ட கணக்கு கொழிஞ்சாம்பாறைக் கிளையில் இருந்ததால் புகார் சித்தூர் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். அங்கே அன்று வேலை நாள். ஜெனரல் கிளாசஸ் ஆக்டின் 10-ஆம் பிரிவு, கடைசி நாளில் கோர்ட் மூடியிருந்தால் அடுத்துத் திறக்கும் நாளில் கொடுக்க இடம் தருகிறது. மூடியிருக்க வேண்டியது நாம் போக வேண்டிய கோர்ட். திருவோணத்தன்று கெடு முடிந்தால் அந்தச் சலுகை நமக்கு உண்டு. அதுவும் கோர்ட் திறக்கும் முதல் நாள் வரைக்கும்தான், மறுநாளுக்கு இல்லை. நடுவில் எத்தனை லீவு வந்தாலும் அவை எண்ணிக்கையில் சேரும்.

ஜனவரி 15 தாண்டியிருந்தால், தகுந்த காரணம் காட்டித் தாமத மன்னிப்பு கேட்கலாம். ஆனால் ‘எங்க ஊர் காலண்டர்ல லீவுன்னு போட்டிருந்துச்சு’ என்பதைத் தகுந்த காரணம் என்று சொல்லி நிற்க எனக்குத் துணிச்சல் வராது.

இந்த லீவு சலுகை கோர்ட்டிலோ அலுவலகத்திலோ செய்ய வேண்டிய வேலைக்குத்தான். வக்கீல் நோட்டீஸ் நாம் எதிராளிக்கு அனுப்புவது. அதன் 30-ஆவது நாள் ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் திங்கட்கிழமை வரை நேரம் இருக்கிறது என்று நம்பாமல் சனிக்கிழமைக்குள் தபாலில் சேர்த்துவிடுங்கள். கோர்ட் உத்தரவுகளையும் இதே கண்ணோடு படிக்க வேண்டும். ‘30 நாளுக்குள் கோர்ட்டில் கட்டு’ என்றிருந்தால் உத்தரவு போட்ட நாளை விட்டு எண்ணலாம், கடைசி நாள் லீவானால் அடுத்த வேலை நாளில் கட்டலாம். ‘எதிர்தரப்பிடம் கொடு’ என்றிருந்தால் அவர் வீட்டுக் கதவுக்கு லீவு கிடையாது. ‘15-ஆம் தேதிக்குள்’ என்று தேதியே போட்டிருந்தால் முதல் நாள் பற்றிய கேள்வியே இல்லை, 15-ஆம் தேதியும் நமக்கு உண்டு.