வீடியோ காலில் வணக்கம் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும், கேமராவைத் துடைக்க வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். கூட்டத்துக்குள் நுழைந்த முதல் அரை நிமிடத்தில்தான் காரியம் கெடுகிறது.

தாமதமாக வந்து சத்தமாக வணக்கம் சொல்வது

எத்தனை முறை சொன்னாலும் திருந்தாத தவறு இது. பத்து மணிக் கூட்டத்தில் 10:04க்கு ஒருவர் மார்ச் மாத விற்பனைக் கணக்கை வாசித்துக்கொண்டிருக்கிறார். அப்போது உள்ளே வருபவர், "குட் மார்னிங், நான் பேசுறது கேக்குதா?" என்கிறார். பேசுபவரைப் பெரிதாகக் காட்டும் ஸ்பீக்கர் வியூவில் படம் உடனே இவர் முகத்துக்குத் தாவுகிறது. மூன்று பேர் ஒரே நேரத்தில் "கேக்குது" என்கிறார்கள். இவர் "சாரி, டிராஃபிக்" என்கிறார். விற்பனைக் கணக்கை முதலிலிருந்து வாசிக்க வேண்டியதாகிறது.

"இடைவெளி பார்த்துத்தானே சொன்னேன்" என்பார்கள். அந்த இடைவெளியை நம்ப முடியாது. குரல் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் போய்ச் சேர 150 மில்லி விநாடிக்குள் இருந்தால்தான் உரையாடல் இயல்பாக இருக்கும். சிக்னல் மோசமான மொபைல் டேட்டாவில் அது எளிதாகத் தாண்டிவிடும். உங்கள் காதில் மௌனம் கேட்கும் நேரத்தில் அங்கே அவர் அடுத்த வாக்கியத்தை ஆரம்பித்திருப்பார்.

மியூட்டிலேயே நுழையுங்கள். ஜூமின் ஆடியோ செட்டிங்கில் அதற்கென்றே ஒரு தேர்வு உண்டு. கூகுள் மீட்டில், உள்ளே போகும் முன் வரும் முன்னோட்டப் பக்கத்திலேயே `Ctrl+D` அழுத்தினால் மைக் அணையும். உள்ளே வந்ததும் கேமராவைப் பார்த்து ஒருமுறை கையசைத்தால் போதும். வாய்விட்டு வணக்கம் சொல்வதை உங்கள் முறை வரும்போது வைத்துக்கொள்ளலாம்.

மியூட்டை எடுத்த கையோடு பேசுவது

சில புளூடூத் ஹெட்செட்டுகளில் மைக் விழித்துக்கொள்ளச் சற்று நேரமாகும். எதிரே இருப்பவருக்கு "ணக்கம் சார்" என்றுதான் கேட்கும். ஒரு மூச்சு விட்டுவிட்டுத் தொடங்குங்கள். ஜூமில் ஸ்பேஸ் பாரை அழுத்திப் பிடித்துப் பேசுபவர்கள், கடைசிச் சொல் முடியும் முன் விரலை எடுத்தால் வால் அறுபடும்.

கை கூப்புவது

நெஞ்சுக்கு நேரே கூப்பினால் லேப்டாப் கேமராவில் கை தெரியாது; தலை குனிவது மட்டும் தெரியும். மோவாய் வரை உயர்த்துங்கள். பின்னணிப் படம் போட்டிருந்தால் கையை உடம்பிலிருந்து விலக்காதீர்கள், விரல்களை அது விழுங்கிவிடும். மங்கலான வெளிச்சத்தில் வேகமாக ஆட்டிய கை வெறும் புகையாகத்தான் தெரியும்.

கட்டைவிரல்

ஆப்பிள் சிப் உள்ள மேக்கில், மேக்ஓஎஸ் சொனோமா பதிப்பு முதல், இரண்டு கட்டைவிரலையும் உயர்த்தினால் திரையில் வாணவேடிக்கை வெடிக்கும். துக்கம் விசாரிக்கும் அழைப்பாக இருந்தால் என்ன ஆகும்? மேலே மெனு பாரில் இருக்கும் பச்சை வீடியோ ஐகானைத் தொட்டு `Reactions`-ஐ முன்கூட்டியே அணைத்துவிடுங்கள்.

பெயருக்குப் பதில் போன் மாடல்

'Galaxy A14' என்பவருக்கு யாரும் பெயர் சொல்லி வணக்கம் வைக்க மாட்டார்கள்.

கிளம்புவது

பை சொன்னதும் மியூட், அப்புறம் கையசைப்பு, அதற்கும் அப்புறம்தான் `Leave`.