மதிய மணி அடித்த பின் ஏழு நிமிடம்: இரைச்சலைப் படிப்படியாக இறக்கும் மூச்சு, நீட்டல் விளையாட்டுகள்

நாலாம் வகுப்பு, 36 பிள்ளைகள், மூன்று வரிசை பெஞ்சு. மணி ஒன்றரை. பாதிப் பேர் வியர்வையோடு வாசலில் நெருக்குகிறார்கள். இரண்டு பேர் சாப்பாட்டுத் தட்டைக் கழுவிய ஈரக் கையைப் பக்கத்தில் இருப்பவன் சட்டையில் துடைக்கிறார்கள். ஒரு பெண் "டீச்சர், இவன் என்னை அவுட்டுன்னு ஏமாத்திட்டான்" என்று மேசைக்கே வந்து நிற்கிறாள். இந்த வகுப்பை வைத்தே செய்முறையைப் பார்ப்போம்.

பலர் செய்யும் முதல் தவறு, உள்ளே வந்த உடனே "எல்லாரும் உட்காருங்க, கண்ணை மூடுங்க, மூச்சை நல்லா இழுங்க" என்று தொடங்குவது. இரண்டு நிமிடத்துக்கு முன்புவரை ஓடிக்கொண்டிருந்த பிள்ளைக்கு நெஞ்சு இன்னும் படபடவென்று அடித்துக்கொண்டிருக்கும். அந்த வேகத்தில் கண்ணை மூடச் சொன்னால் அரைக்கண் திறந்து பக்கத்து ஆளைப் பார்த்துச் சிரிப்பான். அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. மாடியிலிருந்து இறங்குவதுபோல இதையும் ஒவ்வொரு படியாகத்தான் இறக்க வேண்டும்: முதலில் பெரிய அசைவு, பிறகு மெதுவான அசைவு, அதன்பிறகு மூச்சு, கடைசியில் காது.

தொடங்கும் முன்

வயிறு நிறைந்திருக்கிறது என்பதை மறக்கக்கூடாது. சாதமும் சாம்பாரும் முட்டையும் உள்ளே போய் அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. அதனால் குனிந்து காலைத் தொடுவது, இடுப்பை முறுக்குவது, குதிப்பது, வயிற்றை உள்ளிழுத்து வேகமாக மூச்சு விடுவது எதுவும் இந்த நேரத்துக்கு ஆகாது. சாப்பாடு தொண்டைக்கு ஏறி வரும், சிலர் வாந்தியே எடுப்பார்கள். மேலே நீட்டுவது, பக்கவாட்டில் லேசாகச் சாய்வது, இந்த இரண்டு அசைவு போதும். மூச்சை அடக்கி நிறுத்தவும் வேண்டாம்.

தண்ணீர் குடிக்க, கழிப்பறை போக வேண்டியவர்களை மணி அடித்த உடனே அனுப்பிவிடுங்கள். நடுவில் ஒரு விரல் தூக்கினால் போதும், அடுத்த நிமிடம் பத்து விரல் எழும்.

ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணமும் மரப் பிடி உள்ள கரண்டியும் எடுத்து வையுங்கள். கடைசி விளையாட்டுக்கு இது வேண்டும். அடுத்த பாடத்தின் பக்க எண்ணையும் முதல் கேள்வியையும் கரும்பலகையில் இப்போதே எழுதிவிடுங்கள். ஏன் என்பது கடைசியில் தெரியும்.

படி 1: தென்னை மரம் (இரண்டு நிமிடம்)

எல்லாரும் அவரவர் இடத்தில் நிற்கிறார்கள். பெஞ்சுக்கும் டெஸ்க்குக்கும் நடுவே இடம் குறைவு என்பதால் கையை அகல விரித்தால் முழங்கை பக்கத்து ஆள் மூக்கில் படும். எனவே இரண்டு கை விரல்களையும் கோத்துத் தலைக்கு மேலே தூக்கச் சொல்லுங்கள். கால்தான் வேர். வேர் தரையை விட்டுக் கிளம்பக்கூடாது என்பது ஒரே விதி.

நீங்கள்தான் காற்று. "புயல்!" என்றால் மரம் வேகமாக ஆடும். "காத்து" என்றால் கொஞ்சம் மெதுவாக. "தென்றல்" என்றால் வலப்பக்கம் மூன்று எண்ணும்வரை சாய்ந்து, இடப்பக்கம் மூன்று எண்ணும்வரை சாயும். "காத்து நின்னுடுச்சு" என்றால் மரம் அசையாமல், உச்சி வானத்தைத் தொடுவதுபோல உள்ளங்கையை மேலே தள்ளி நிற்கும். முதல் சுற்றில் புயலுக்குப் பத்து நொடி கொடுங்கள். இரண்டாம் சுற்றில் ஐந்து நொடி போதும். மூன்றாம் சுற்றில் புயலே வேண்டாம், தென்றலில் தொடங்கி நிறுத்திவிடுங்கள்.

இந்த விளையாட்டின் உயிர் உங்கள் குரலில் இருக்கிறது. புயலை உரக்கச் சொல்லலாம், அந்த இரைச்சலுக்கு மேலே கேட்க வேண்டுமே. காற்றைச் சாதாரணக் குரலில் சொல்லுங்கள். தென்றலை மெல்ல. நின்றதைக் கிட்டத்தட்ட உதடு அசைவாக மட்டும். அடுத்த சொல் என்ன என்று கேட்பதற்காகப் பிள்ளைகளே வாயை மூடுவார்கள். "சைலன்ஸ்!" என்று ஒருமுறை கத்தினால், அதுவரை இறக்கியது மறுபடி மேலே ஏறிவிடும்.

ஒருவன் வேண்டுமென்றே பக்கத்து மரத்தின்மேல் சாய்ந்து விழுவான். இது எல்லா வகுப்பிலும் நடக்கும். அவனை முன்னால் அழைத்து, அடுத்த சுற்றில் காற்றுச் சொல் சொல்லும் பொறுப்பைக் கொடுங்கள்.

படி 2: கிணற்றில் தண்ணீர் இறைத்தல் (ஒரு நிமிடம்)

நின்றபடியே, தலைக்கு மேலே உருளையில் கயிறு தொங்குவதாக நினைத்து, ஒரு கை மாற்றி ஒரு கையால் கீழே இழுக்க வேண்டும். மொத்தம் பத்து இழுப்பு. முதல் நாலு இழுப்பில் வாளி காலி, கை சுலபமாக வரும். அடுத்த ஆறில் வாளி நிறைந்துவிட்டது, பாரம், மெதுவாகத்தான் வரும். ஒவ்வொரு கையும் முழுதாக மேலே நீண்ட பிறகே கீழே வர வேண்டும், அப்போதுதான் தோளும் விலாவும் நீளும். வெறுமனே முகத்துக்கு முன்னால் கையை ஆட்டினால் அது நீட்டல் ஆகாது.

பத்தாவது இழுப்பில் வாளி கைக்கு வந்துவிட்டது. இனி ஒரு சொட்டும் சிந்தாமல் அதைத் தரையில் வைத்துவிட்டு உட்கார வேண்டும். பெஞ்சு கிறீச்சிட்டால் தண்ணீர் சிந்திவிட்டது என்று அர்த்தம். "உட்காருங்க" என்ற கட்டளையே இல்லாமல் 36 பேரும் சத்தமின்றி உட்காருவது இந்த இடத்தில்தான்.

படி 3: விரல் மலை (இரண்டு நிமிடம்)

இடக்கையை விரித்து டெஸ்க்மேல் வைக்கச் சொல்லுங்கள். வலக்கை ஆள்காட்டி விரல் மலையேறும் ஆள். கட்டைவிரலின் அடியில் தொடங்கி, விரலின் ஓரமாக மேலே ஏறும்போது மூக்கால் மூச்சு உள்ளே, மறுபக்கம் இறங்கும்போது மூச்சு வெளியே. சுண்டுவிரல்வரை போனால் ஐந்து மலை, ஐந்து மூச்சு. பிறகு கையை மாற்றி இன்னொரு ஐந்து. கண்ணை மூடச் சொல்ல வேண்டாம், தன் விரலைப் பார்த்தபடி இருப்பதே பார்வையைக் கட்டிப்போடும்.

எண்ணிக்கையில்தான் பெரியவர்கள் தவறு செய்கிறார்கள். பெரியவர்களுக்கான வகுப்பில் கற்ற "நாலு எண்ணி இழு, ஆறு எண்ணி விடு" என்பதை அப்படியே இங்கே கொண்டுவந்தால் நிமிடத்துக்கு ஆறு மூச்சுதான் ஆகும். எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளை சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நிமிடத்துக்கு ஏறக்குறைய 18 முதல் 25 முறை மூச்சு விடும். ஓடி வந்தால் இன்னும் கூடும். அதற்கு ஆறு மூச்சு என்பது மூச்சுத் திணறல். பாதியில் திருட்டுத்தனமாக இன்னொரு மூச்சு இழுத்துக்கொள்ளும், அல்லது முகம் சிவந்து சிரித்துவிடும்.

ஆகவே முதல் கைக்கு இரண்டு நொடி ஏற்றம், மூன்று நொடி இறக்கம். நிமிடத்துக்கு 12 மூச்சு. இரண்டாம் கைக்கு முடிந்தவர்கள் மூன்றும் நாலுமாக நீட்டலாம், முடியாதவர்கள் பழையபடியே. ஏற்றத்தைவிட இறக்கம் சற்று நீளமாக இருக்க வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மூச்சை இழுக்கும்போது நாடித்துடிப்பு கொஞ்சம் விரையும், விடும்போது கொஞ்சம் தணியும். விடும் நேரம் நீண்டால் உடம்பு தணியும் பக்கமாகவே போகிறது. கொஞ்சம் பெரிய வகுப்பில் மணிக்கட்டில் விரல் வைத்து இதை அவர்களையே பார்க்கச் சொல்லலாம், நம்பாதவனும் நம்புவான்.

"நல்லா இழு" என்ற சொல்லையும் விட்டுவிடுங்கள். அதைக் கேட்டதும் தோள் காதுவரை ஏறும், மூக்கு உறிஞ்சும் சத்தம் வகுப்பெல்லாம் கேட்கும். யார் அதிகம் இழுப்பது என்று போட்டி தொடங்கும். வேகமாகவும் ஆழமாகவும் தொடர்ந்து இழுத்தால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றும், விரல்நுனியும் உதட்டோரமும் மரமரக்கும். ஒரு பிள்ளை "டீச்சர், கிர்ருனு வருது" என்றால் அதுதான் நடக்கிறது. நிறுத்தி, சாய்ந்து உட்கார்ந்து, எண்ணாமல் இயல்பாக மூச்சு விடச் சொன்னால் சீக்கிரமே சரியாகிவிடும். "சாம்பார் வாசனை பிடிக்கிற மாதிரி மெல்ல" என்று சொல்லிப் பாருங்கள், தோள் ஏறாது.

சளி பிடித்து மூக்கடைத்தவர்கள் வாயால் மூச்சு விடட்டும். ஆஸ்துமா உள்ள பிள்ளை எண்ணிக்கையை விட்டுவிட்டு விரலை மட்டும் நகர்த்தட்டும். ஓடி வந்த பிள்ளைக்கு விசில்போலச் சத்தத்துடன் இளைப்பு வாங்கினால் அதற்கு விளையாட்டு மருந்தாகாது. இன்ஹேலர் இருந்தால் எடுத்துக் கொடுத்து, தலைமை ஆசிரியருக்கும் வீட்டுக்கும் சொல்லுங்கள்.

படி 4: வண்டும் கிண்ணமும் (இரண்டு நிமிடம்)

வாயை மூடிக்கொண்டு, மூச்சை விடும்போது "ம்ம்ம்" என்று வண்டு ரீங்காரம். சத்தம் போட ஆசைப்படும் வகுப்புக்கு அனுமதியுள்ள ஒரு சத்தம் இது. ரீங்காரம் நீண்டால் வெளிமூச்சும் தானாக நீளும், எண்ணவே தேவையில்லை.

மூன்று வரிசையும் ஒன்றாகச் செய்தால் லாரி எஞ்சின் ஆகிவிடும். முதல் வரிசை "பக்கத்து வண்டு", இரண்டாம் வரிசை "வேலிக்கு அந்தப் பக்கத்து வண்டு", மூன்றாம் வரிசை "அடுத்த தெரு வண்டு". பிறகு இடம் மாறும். ஒரு வரிசை ரீங்கரிக்கும்போது மற்ற இரண்டும் கேட்கும். ஒவ்வொரு வரிசைக்கும் மூன்று முறை போதும்.

அடுத்து கிண்ணத்தை விரல்நுனிகளின்மேல் நிறுத்திக் கரண்டியின் மரப் பிடியால் விளிம்பில் ஒரு தட்டு. கையால் இறுக்கிப் பிடித்தால் ஓசை அங்கேயே செத்துவிடும். ஓசை முழுதும் அடங்கிவிட்டது என்று தோன்றும்போது ஒவ்வொருவரும் சத்தமில்லாமல் கை தூக்க வேண்டும். மூன்று தட்டு. முதல் தட்டில் அவசரக் கைகள் சட்டென்று எழும். மூன்றாவதில் கைகள் தயங்கித் தயங்கி எழுவதையும், அதுவரை கேட்காத மின்விசிறிச் சத்தம் கேட்பதையும் கவனிப்பீர்கள். வகுப்பு இறங்கிவிட்டதற்கு நம்பத்தக்க அடையாளம் அதுதான்.

எப்போது பலிக்காது

இடைவேளையில் அடிதடி நடந்திருந்தால் சம்பந்தப்பட்ட இருவரையும் தனியே உட்காரவைத்து முதலில் கேளுங்கள். அந்த அவுட் வழக்கையும் "மூணரை மணிக்குப் பேசுவோம்" என்று நாள் குறித்துவிடுங்கள், குறித்தபடி பேசவும் வேண்டும். இந்த விளையாட்டைத் தண்டனையாக மாற்றிவிடாதீர்கள். "சத்தம் போட்டீங்கல்ல, இன்னொரு தடவை மலை ஏறுங்க" என்று ஒருமுறை சொல்லிவிட்டால் மறுநாள் விரல் மலை என்றதும் முனகல்தான் வரும். முதல் வாரத்தில் முதல் இரண்டு படியோடு நிறுத்திக்கொண்டு, அடுத்த வாரம் மூன்றாவதையும் அதற்கடுத்த வாரம் நாலாவதையும் சேர்ப்பது நல்லது.

எதிர்ப்பக்க ஆபத்தும் உண்டு. சாப்பிட்ட மயக்கத்தில் இருப்பவர்களை டெஸ்கில் தலை சாய்க்கச் சொன்னால் நாலைந்து பேர் உண்மையிலேயே தூங்கிவிடுவார்கள். ஆகவே தலை சாய்க்க விடாமல், கடைசிக் கிண்ண ஓசை அடங்கியதும் உட்கார்ந்தபடியே கையை மேலே தூக்கி ஒரு சோம்பல் முறிப்பு. அது முடிந்த கணமே எதுவும் பேசாமல் கரும்பலகையைக் காட்டுங்கள். பக்க எண் அங்கே ஏற்கெனவே இருக்கிறது. அந்த நேரத்தில் நீங்கள் சாக்பீஸ் தேடித் திரும்பி நின்று எழுதத் தொடங்கினால், முதுகுக்குப் பின்னால் மறுபடி புயல் வீசும்.