வெள்ளியங்கிரி ஏறப் போகிறீர்களா? பையில் என்ன சாப்பாடு, எவ்வளவு தண்ணீர்?

பூண்டி அடிவாரத்தில் தொடங்கி ஏழாவது மலை வரை ஏற, புதிதாகப் போகிறவருக்கு ஐந்து மணி நேரம், இறங்க நாலு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 9 மணி நேரம். சாப்பாட்டையும் தண்ணீரையும் கிலோமீட்டரை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், மணியை வைத்துப் போடுங்கள். செங்குத்தில் ஒரு கிலோமீட்டருக்கே ஒரு மணி நேரம் ஆகலாம்.

படி 1: கிளம்பும் முன்

இரண்டு மணி நேரம் முன்பே நாலு இட்லி, கொஞ்சம் சாம்பார் போதும். பூரி, பரோட்டா வேண்டாம். எண்ணெய்ப் பலகாரம் செரிக்க நேரமாகும், முதல் மலையின் படிக்கட்டிலேயே வயிறு புரட்டும்.

படி 2: மணிக்கு ஒரு பொட்டலம்

ஏறும்போது உடம்புக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து வேண்டும். சின்னக் கடலை மிட்டாய் ஒன்று, பேரீச்சம்பழம் மூன்று சேர்ந்தால் ஏறக்குறைய 35 கிராம் கிடைக்கும். அதுதான் ஒரு பொட்டலம். முதல் ஒரு மணி நேரத்தை இட்லி பார்த்துக்கொள்ளும், உச்சியில் புளியோதரை சாப்பிட்டால் இன்னொரு மணி நேரம் ஓடும். மீதி ஏழு மணி நேரத்துக்கு ஏழு, அவசரத்துக்கு ஒன்று, ஆக எட்டுப் பொட்டலம். வனத்துறைச் சோதனையில் பிளாஸ்டிக் உறை மாட்டும், அதனால் காகிதத்தில் சுற்றுங்கள்.

வெறும் வறுத்த வேர்க்கடலையை நம்பி ஏறாதீர்கள். அதில் கொழுப்பு அதிகம், சக்தி மெதுவாகத்தான் வரும். அதை இறங்கும்போது கொறிக்கலாம்.

பசிக்கிற வரை காத்திருக்கவும் கூடாது. கை நடுங்கி, காரணமில்லாமல் எரிச்சல் வந்து, கால் துவண்டால் சர்க்கரை குறைந்திருக்கலாம். உட்கார்ந்து அவசரப் பொட்டலத்தைச் சாப்பிட்டு, கால் மணி நேரம் கழித்து எழுந்திருங்கள்.

படி 3: தண்ணீர்

மணிக்கு அரை லிட்டர் என்றால் மொத்தம் நாலரை லிட்டர். அத்தனையையும் சுமந்தால் எடையே ஆளைக் கொன்றுவிடும். இரண்டு லிட்டர் எடுத்துக்கொண்டு, கைதட்டிச் சுனை போன்ற இடங்களில் நிரப்பிக்கொள்ளலாம். கோடை முற்றினால் சுனையில் வரத்து குறையும் என்பதால், கீழே இறங்குகிறவர்களிடம் கேட்டுக்கொண்டே ஏறுங்கள். ஊற்றுநீரில் குளோரின் மாத்திரை போட்டு, அட்டையில் சொன்ன நேரம் வரை பொறுத்துக் குடிப்பது நல்லது.

இரண்டு பாட்டிலில் ஒன்றில் ஓஆர்எஸ் கரைசல் இருக்கட்டும். பாக்கெட்டில் எவ்வளவு தண்ணீருக்கு என்று போட்டிருக்கிறதோ அவ்வளவில் கரையுங்கள், அதற்கு மேல் தூள் போடக்கூடாது. வியர்வையில் உப்பும் போகிறது. வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடித்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும். விரல் வீங்கி, குமட்டலும் தலைவலியும் வந்து, சிறுநீர் மட்டும் நிறமில்லாமல் நிறையப் போனால் தண்ணீரை நிறுத்திவிட்டு உப்பாக ஏதாவது சாப்பிடுங்கள். பேச்சு குழறினால் ஏறுவதை விட்டு உடனே உதவி கேளுங்கள். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் விஷயம் நேர் எதிர், தண்ணீர் பற்றவில்லை.

மேலே குளிர் காற்றில் தாகமே தெரியாது. அங்கே கடிகாரத்தைப் பார்த்துத்தான் குடிக்க வேண்டும், இருபது நிமிடத்துக்கு நாலைந்து மடக்கு.