பித்தளைக் கைப்பிடிக்கு லாக்கர் அடிக்கலாம், விளக்குக் கொக்கிக்கு வேண்டாம்

டர்பன் கடற்காற்று பித்தளையைச் சும்மா விடாது. சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டு வாசற்கதவின் கைப்பிடி ஜோடியும், சாமியறையில் தூக்கு விளக்கு தொங்கும் கொக்கியும் ஒன்றுபோலக் கறுத்துக் கிடந்தன. கைப்பிடி சாதாரணமானது, கடையில் புதிது வாங்கிவிடலாம். கொக்கி அப்படியில்லை. கிளேர்வுட் வீட்டைக் காலி செய்தபோது ஆயா கையோடு கழற்றிக்கொண்டு வந்தது. கைப்பிடியை மாற்றிவிட்டு கொக்கியை மெருகேற்றலாம் என்றுதான் நினைத்தேன். கடைசியில் நடந்தது நேர்மாறு.

முதலில், அது முழுப் பித்தளையா என்று பாருங்கள்

காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே பித்தளை முலாம் மட்டும். ஒட்டாவிட்டாலும் உடனே நம்ப வேண்டாம். துத்தநாக வார்ப்பிலும் காந்தம் ஒட்டாது. கைப்பிடியைக் கழற்றி, கதவோடு ஒட்டியிருந்த பின்பக்கத்தில் கத்தி முனையால் ஒரு சின்னக் கீறல் போடுங்கள். கீறல் மஞ்சளாகத் தெரிந்தால் முழுப் பித்தளை. வெள்ளி மாதிரி வெளுப்பாகத் தெரிந்தால் அது முலாம் பூசியது. தேய்க்கத் தேய்க்க முலாம் போய்விடும், அதற்குச் செலவிடும் நேரம் வீண். அதை மாற்றிவிடுங்கள். வாங்கப் போகுமுன் திருகுத் துளைகளுக்கு இடையே உள்ள தூரத்தையும், கைப்பிடி நடுவிலிருந்து சாவித் துளை நடு வரை உள்ள தூரத்தையும் அளந்து கொண்டு போங்கள். இல்லாவிட்டால் கதவில் புதுத் துளை போட வேண்டி வரும்.

எங்கள் கைப்பிடியில் கீறல் மஞ்சளாக இருந்தது. சரி, அதைக் காப்பாற்றலாம்.

பழைய லாக்கரை எடுப்பது

கறுப்பு ஒரே சீராக இல்லாமல், சாவித் துளை ஓரத்திலிருந்து வேர் ஓடுவது போலப் படர்ந்திருந்தால் மேலே பழைய லாக்கர், அதாவது கறுக்காமல் காக்க அடித்த நிறமற்ற பூச்சு, இருக்கிறது. அதன் விரிசலுக்குள் ஈரம் புகுந்து அடியில் பரவியிருக்கும். அந்த லாக்கர் இருக்கும்வரை எந்தப் பாலிஷும் உலோகத்தைத் தொடாது. எத்தனை நாள் தேய்த்தும் பலனில்லை என்று சொல்பவர்கள் பெரும்பாலும் லாக்கர் மேல்தான் தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அசிட்டோனில் நனைத்த துணியைக் கைப்பிடியில் சுற்றி, மேலே அலுமினியத் தாளால் மூடி கால் மணி நேரம் வைத்தால் லாக்கர் பிசுபிசுவென்று இளகிவிடும். வெளியில், அடுப்பும் விளக்கும் இல்லாத இடத்தில் செய்யுங்கள். அசிட்டோன் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும். இளகவில்லையென்றால் ஸ்பிரிங்கைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி சலவைச் சோடா போட்டுக் கொதிக்க விடுங்கள். லாக்கர் தோல் உரிவது போலக் கழன்று வரும். பாத்திரம் அலுமினியமாக இருக்கக் கூடாது, சோடா அதைத் தின்றுவிடும். அந்தப் பாத்திரத்தில் அப்புறம் சமைக்கவும் வேண்டாம்.

கறுப்பை எடுப்பது

புளியும் உப்பும் போதும். தேய்த்து இரண்டு மூன்று நிமிடத்தில் கழுவிவிடுங்கள். ஒரு முறை நான் சோம்பலில் ஒரு கைப்பிடியை வினிகரில் ராத்திரி முழுக்க ஊறப்போட்டேன். காலையில் எடுத்தால் ஆங்காங்கே ரோஜா நிறம். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. புளிப்பு அதிக நேரம் நின்றால் துத்தநாகம் அரித்துப் போய், செம்பு மட்டும் மேலே தெரியும். மேலோட்டமாக இருந்ததால் பாலிஷ் போட்டுத் தேய்த்து எடுக்க முடிந்தது. அதற்கு ஒரு சனிக்கிழமை முழுக்கப் போயிற்று.

கழுவிய பிறகு உலோகப் பாலிஷை ஒரே திசையில் தேய்த்து மெருகேற்றுங்கள். இடுக்கில் தங்கும் வெள்ளைப் பொடியைப் பல்குத்தியால் நோண்டி எடுங்கள்.

லாக்கர் அடிப்பது

பாலிஷ் ஒரு எண்ணெய்ப் படலத்தை விட்டுச் செல்லும். அதன் மேல் லாக்கர் ஒட்டாது. சுத்தமான துணியில் அசிட்டோன் நனைத்து, துணியில் கறை வருவது நிற்கும் வரைக்கும் துடையுங்கள். சோதிக்க ஒரு வழி உண்டு. மேலே தண்ணீர் விடுங்கள். முத்து முத்தாக நின்றால் எண்ணெய் இன்னும் இருக்கிறது, படலமாக விரிந்தால் சுத்தம். இதன் பிறகு கையுறை இல்லாமல் தொடாதீர்கள். இன்று பட்ட விரல் ரேகை இன்று தெரியாது, சில வாரத்தில் லாக்கருக்கு அடியில் கறுப்பாக எழுந்து நிற்கும்.

உலோகத்துக்கான நிறமற்ற அக்ரிலிக் லாக்கர் ஸ்பிரே வாங்கி, 20 முதல் 25 செ.மீ. தள்ளி நின்று அடியுங்கள். முதல் பூச்சு பனி படர்ந்த மாதிரி இருந்தால் போதும். கால் மணி நேர இடைவெளியில் இன்னும் இரண்டு மெல்லிய பூச்சு. ஒரு நாள் தொடாமல் விடுங்கள். காய்ந்த பின் வானவில் நிறம் மின்னினால் பூச்சு போதவில்லை, இன்னொன்று அடிக்க வேண்டும்.

நம் ஊர்க்காரர்கள் இந்த வேலையைத் தீபாவளிக்கு முன்னால்தான் ஆரம்பிப்பார்கள். டர்பனில் அப்போது காற்றில் ஈரம் ஏறிவிடும். லாக்கரின் கரைப்பான் ஆவியாகும்போது உலோகம் குளிர்கிறது, காற்றின் ஈரம் அதன் மேல் படிகிறது, லாக்கர் பால் மாதிரி வெளுத்துப் போகிறது. ஜூன், ஜூலை மாதத்து வறண்ட நாளில், கைப்பிடியை வெயிலில் வைத்து வெதுவெதுப்பாக்கிக்கொண்டு அடித்தால் இந்தத் தொல்லை இல்லை. லேசாக வெளுத்துவிட்டால் வறண்ட நாளில் இன்னொரு மெல்லிய பூச்சு அடித்துப் பாருங்கள், பெரும்பாலும் தெளிந்துவிடும்.

கொக்கிக்கு வருவோம்

கொக்கிக்கு லாக்கர் அடிப்பதில் பயனில்லை. சங்கிலி உரசும் இடத்தில் பூச்சு முதலில் பெயரும், அங்கிருந்து கறுப்பு உள்ளே ஊரும். கீழே சுடர் வேறு. புளி போட்டுத் துலக்கி, உலரத் துடைத்துப் பூச்சில்லாமலே விடுவதுதான் சரி.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். அம்மோனியா கலந்த பாலிஷோ கண்ணாடித் துடைப்பானோ கொக்கியின் பக்கமே வரக்கூடாது. வளைத்துச் செய்த பித்தளையில் உள்ளிறுக்கம் இருக்கும், பாரமும் சேர்ந்தால் அம்மோனியா அதில் விரிசல் விடவைக்கும். பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் இந்தியாவில் மழைக்காலத்துக்குக் குதிரை லாயங்களில் வைத்த பித்தளைத் தோட்டாக்கள் தாமாகவே வெடிப்பு விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியாதான் காரணம் என்று பிற்பாடு தெரிந்தது.

ஆயாவின் கொக்கியைத் துலக்கிய பிறகுதான் விஷயம் புரிந்தது. கறுப்பு போனதும் சங்கிலி உட்காரும் இடத்தில் பள்ளம் தெரிந்தது. மேலே 8 மி.மீ. தடிமன், பள்ளத்தில் 5 மி.மீ. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தேய்ந்திருந்தது. மரத்திலிருந்து திருகி எடுத்துப் பார்த்தால் திருகு மரையின் அடியில் மயிரிழை போல ஒரு விரிசல், அதில் பச்சைக் களிம்பு. எண்ணெய் ஊற்றிய விளக்கு மூன்று கிலோ. எரிகிற விளக்கு யார் தலையிலாவது விழுந்தால் என்ன ஆகும்?

பெரியம்மாவிடம் சொன்னேன். "ஆயா இருந்திருந்தா எப்பவோ மாத்தியிருப்பாங்கடா" என்றார். இப்போது அந்த இடத்தில் முழுப் பித்தளையில் ஒரு புதுக் கொக்கி. பழைய கொக்கி விளக்குக்குப் பக்கத்துச் சுவரில், திரிநூல் பையைச் சுமந்துகொண்டு தொங்குகிறது.