கீழ்த்தாடை பிளாக்: அதே ஊசியை மறுபடி குத்தாதீர்கள்

கீழ்க் கடைவாய்ப்பல்லுக்கு, நரம்பையே மரக்கவைக்கும் பிளாக் ஊசி போடப் பழகும் ஹவுஸ் சர்ஜன்களிடம் ஒரு தவறு வருஷம் தவறாமல் திரும்பி வருகிறது. முதல் ஊசி பிடிக்கவில்லை என்றதும், அதே சிரிஞ்சில் மருந்தை ஏற்றி, அதே ஊசியால், அதே இடத்தில் மறுபடி குத்துகிறார்கள். சில சமயம் மூன்றாவது தடவையும். அன்றைக்குப் பல் வலிக்காமல் வேலை முடிந்துவிடும். கணக்கு மறுநாள்தான் வரும்.

அதே ஊசி

இந்த பிளாக்கில் ஊசி 20 முதல் 25 மி.மீ. வரை உள்ளே போய்த் தாடை எலும்பைத் தொட வேண்டும். தொட்டதும் 1 மி.மீ. பின்னுக்கு இழுத்து, இரத்தம் வருகிறதா என்று உறிஞ்சிப் பார்த்து, 1.5 மி.லி. மருந்தைக் குறைந்தது ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டு செலுத்துகிறோம். எலும்பில் சற்று அழுத்தி இடித்தாலே ஊசி முனை தூண்டில் முள் போல மடங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாது. ஊசியைக் காஸ் துணிமேல் பின்னோக்கி இழுத்துப் பாருங்கள், நூல் மாட்டும்.

அந்த முனை உள்ளே போகும்போது செய்வதைவிட வெளியே வரும்போது செய்யும் சேதம் அதிகம். வழியில் இருக்கும் உள் டெரிகாய்டு தசையின் இழைகளையும் சிறு இரத்தக் குழாய்களையும் கிழித்துக்கொண்டு வரும். தசைக்குள் கசியும் இரத்தம் தசையை எரிச்சலூட்டுகிறது, அது இறுகிக்கொள்கிறது. பக்கத்திலேயே நாக்குக்குப் போகும் நரம்பு. முதல் ஊசியில் அது சற்றேனும் மரத்திருந்தால், இரண்டாம் தடவை ஊசி நரம்பில் பட்டாலும் நோயாளிக்கு "ஷாக் அடித்த மாதிரி" உணர்வு வராது. நம்மை நிறுத்த வேண்டிய ஒரே எச்சரிக்கை போய்விட்டது. இதைச் சொல்லியும் ஊசியை மாற்றாதவர்களைப் பார்த்தால் இன்னும் கோபம் வருகிறது. புது ஊசிக்கு ஆகும் செலவு சில ரூபாய்தான்.

மறுபடி குத்துமுன் உதட்டைக் கேளுங்கள். உதடு மரக்கவில்லையென்றால் மருந்து இடம் தவறி விழுந்திருக்கிறது, பெரும்பாலும் கீழே. புது ஊசியில் 5 முதல் 10 மி.மீ. மேலே போடுங்கள். உதடு நன்றாக மரத்தும் பல் வலிக்கிறதென்றால் அதே பிளாக்கைத் திரும்பப் போடுவதில் பெரிய பலன் இல்லை. பல்லுக்கும் எலும்புக்கும் இடையிலான தசைநாரில் வேருக்கு 0.2 மி.லி. போதும்.

வாய் திறக்கவில்லை என்று போன் வந்தால்

ஒரு உதாரணம். திங்கட்கிழமை ஒரு நோயாளிக்கு வேர் சிகிச்சை, மூன்று பிளாக். செவ்வாய் காலை இட்லியை உள்ளே வைக்க முடியவில்லை என்கிறார். "வலி மாத்திரை போடுங்க, சரியாயிடும்" என்று போனை வைக்காதீர்கள், வரச் சொல்லுங்கள். மேல், கீழ் முன்பற்களுக்கு இடையே ஸ்கேல் வைத்து அளந்தால் 15 மி.மீ. இருக்கிறது. சாதாரணமாக 35-க்கு மேல் இருக்க வேண்டும். காய்ச்சல் இல்லை, வீக்கம் இல்லை.

வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டைக் கன்னத்தில் மணிக்கு ஒருமுறை 20 நிமிடம் வைக்க வேண்டும். வெதுவெதுப்பான உப்புநீரை அந்தப் பக்கமே தேக்கிவைத்துத் துப்ப வேண்டும். வயிற்றுப் புண்ணோ சிறுநீரகக் கோளாறோ இல்லையென்றால் சாப்பிட்டபின் இபுப்ரோஃபென். முக்கியமானது பயிற்சி: 3, 4 மணி நேரத்துக்கு ஒருமுறை 5 நிமிடம் வாயைத் திறந்து மூடி, தாடையை இருபக்கமும் நகர்த்த வேண்டும். வலிக்கும் என்று அசைக்காமல் விட்டால் தசையில் தழும்பு விழுந்து இறுக்கம் நிலைத்துவிடும்.

வியாழக்கிழமை மறுபடி அளங்கள். 22, 25 என்று ஏறினால் அதையே தொடரலாம், முழுதும் சரியாகச் சில வாரம் ஆகலாம். ஏறவில்லை, வலி கூடுகிறது, காய்ச்சல் என்றால் உள்ளே சீழ் பிடித்திருக்கலாம். அன்றே வாய் முக அறுவை நிபுணரிடம் அனுப்புங்கள்.

இரத்தக் கட்டு

மேல் கடைவாய்ப்பல்லுக்குப் பின்னால் போடும் ஊசி 16 மி.மீ.க்கு மேல் ஆழம் போனால் சிரைப் பின்னலில் பட்டு, சில நிமிடத்தில் கன்னம் உப்பும். கீழ் பிளாக்கில் வீக்கம் வாய்க்குள், தாடையின் உட்பக்கம் தெரியும். வேலையை நிறுத்தி, காஸ் வைத்துக் குறைந்தது 2 நிமிடம் அழுத்துங்கள். முதல் நாள் ஐஸ் மட்டுமே, சூடு இரத்தக் குழாயை விரிக்கும். ஒத்தடம் மறுநாள் முதல். நீலம் மஞ்சளாகி 7 முதல் 14 நாளில் மறையும்.

சூடாக எதுவும் சாப்பிட, குடிக்க வேண்டாம்

உதட்டில் உணர்வு திரும்பும்வரை, 3 முதல் 5 மணி நேரம்.

மறுநாளும் நாக்கு மரத்திருந்தால்

பஞ்சு நுனியாலும் கூர்முனையாலும் தொட்டு, உணர்வில்லாத இடத்தைப் படமாக வரைந்து, தேதியோடு கோப்பில் வையுங்கள். பெரும்பாலும் 8 வாரத்துக்குள் தானாகத் திரும்பும். அதை நீங்களே நோயாளியிடம் சொல்லுங்கள், ரிசப்ஷனில் இருப்பவர் அல்ல. ஒவ்வொரு வருகையிலும் எல்லை சுருங்குகிறதா என்று அதே படத்தோடு ஒப்பிடுங்கள். 2 மாதமாகியும் சுருங்கவில்லையென்றால் நிபுணரிடம் அனுப்ப வேண்டும். அதுவரை அந்தப் பக்கம் இன்னொரு பிளாக் போடாதீர்கள்.